காலை ஆறு மணிக்குப் போகவேண்டிய குறுஞ்செய்தி

ஆண்ட்ராய்டு போனில் நேரம் குறித்து வைக்கும் குறுஞ்செய்தி, அந்த நேரம் வரும்வரை போனைவிட்டு எங்கும் போவதில்லை. அப்படி ஒரு செய்தி காத்திருப்பது ஜியோவுக்கோ ஏர்டெல்லுக்கோ பிஎஸ்என்எல்லுக்கோ தெரியாது. இரவு பத்து மணிக்கு எழுதி, காலை ஆறு மணிக்குப் போகட்டும் என்று குறித்துவைத்தால், இடையிலுள்ள எட்டு மணி நேரமும் அது சட்டைப்பையில் கிடக்கும் கடிதம்தான். ஆறு மணிக்கு யாராவது அதை எடுத்துத் தபால்பெட்டியில் போட்டாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது போனில் இருக்கும் மெசேஜ் செயலி. அது அந்த நிமிடத்தில் விழித்துக்கொள்ளாவிட்டால் கடிதம் பையிலேயே கிடக்கும்.

மின்னஞ்சலில் ஏற்பாடு வேறு. ஜிமெயிலில் 2019 ஏப்ரலில் வந்த இதே வசதியில், குறித்த கணமே கடிதம் கூகுளின் சர்வருக்குப் போய்விடுகிறது. பிறகு கணினியை அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் சர்வர் தன் நேரத்தில் அனுப்பிவிடும். குறுஞ்செய்தியில் இது இல்லாததற்குக் காரணம் அதன் அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது. போன் கோபுரத்துக்கு அனுப்பும் செய்திப் பொட்டலத்தில் என்னென்ன விவரம் இருக்கலாம் என்று ஜிஎஸ்எம் தரம் வகுத்திருக்கிறது. பெறுபவரின் எண்ணுக்கு அதில் இடம் உண்டு. பெறுபவரின் போன் அணைந்திருந்தால் எத்தனை காலம் வைத்திருந்து முயலலாம் என்று சொல்லவும் இடம் உண்டு. ‘இத்தனை மணிக்கு அனுப்பு’ என்று சொல்ல மட்டும் இடம் கிடையாது. நிறுவனங்கள் மொத்தமாகச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் எஸ்எம்பிபி என்ற நெறிமுறையில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. தனிமனிதரின் போன் அந்த வழியில் போவதில்லை. அதனால் காத்திருக்கும் வேலை முழுவதும் போனின் தலையில் விழுகிறது.

கூகுள் மெசேஜஸ் செயலியில் செய்முறை எளிது. உரையாடலைத் திறந்து செய்தியைத் தட்டச்சு செய்தபின், அனுப்பும் அம்புக்குறியைத் தட்டாமல் விரலை அதன்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்று மாலை, இன்றிரவு, நாளை காலை என்பதுபோல் சில நேரங்கள் பட்டியலாக வரும். வேறு நேரம் வேண்டுமென்றால் அதே பட்டியலில் நாளையும் மணியையும் தாமே குறிக்கும் வழியும் இருக்கும். சாம்சங்கின் சொந்த மெசேஜ் செயலியில் எழுதும் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள + குறியைத் தட்டினால் Schedule message கிடைக்கும்.

அனுப்பப்படாமல் போகும் செய்திகளில் ஒரு பங்கு இந்த இடத்திலேயே தவறிவிடுகிறது. நேரத்தைத் தேர்ந்து சேமித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போது எழுதும் பெட்டியின்மேல் நேரம் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனுப்பும் குறியை மறுபடி ஒருமுறை தட்டினால்தான் செய்தி உரையாடலுக்குள் ஏறி, பக்கத்தில் சிறு கடிகாரக் குறியுடன் உட்காரும். அந்தக் கடிகாரம் தெரியாவிட்டால் அது வெறும் வரைவு. எத்தனை நாள் காத்திருந்தாலும் போகாது. தெரிந்தால், அதைத் தட்டிச் செய்தியைத் திருத்தலாம், உடனே அனுப்பலாம், அழிக்கலாம்.

இன்னொரு வழுக்குமிடம் நள்ளிரவு. பிறந்தநாள் வாழ்த்துக்குப் பலரும் குறிக்கும் நேரம் அதுதான். 12:00 PM என்பது நண்பகல். நள்ளிரவுக்கு 12:00 AM, அதுவும் பிறக்கப்போகும் நாளின் கணக்கில் சேரும். 15ஆம் தேதி பிறந்தவருக்கு 14ஆம் தேதி 12:00 AM என்று குறித்தால் வாழ்த்து முழுசாக ஒரு நாள் முன்னதாகவே போய்விடும். 12:01 AM என்று குறிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு.

செய்தி சரியாகக் குறிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டால், போனுக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. செயலி அந்தச் செய்தியைத் தன் சொந்தச் சேமிப்பில் எழுதிவைக்கிறது. கூடவே ஆண்ட்ராய்டிடம், ‘காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பு’ என்று ஒரு அலாரம் பதிவு செய்கிறது. அதன்பின் செயலி தூங்கலாம். எழுப்பும் பொறுப்பு ஆண்ட்ராய்டுடையது.

சொந்தச் சேமிப்பு என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் குறுஞ்செய்திகளுக்கென்று எல்லா மெசேஜ் செயலிகளும் பங்குபோடும் பொதுக் கிடங்கு ஒன்று உண்டு. அதில் வந்தவை, அனுப்பியவை, வரைவு, வெளியே போகக் காத்திருப்பவை, தோற்றவை என்று வகைகள் இருக்கின்றன. நேரம் குறிக்கப்பட்டவை என்று ஒரு வகை அதில் இல்லை. எனவே ஒவ்வொரு செயலியும் அவற்றைத் தன் பெட்டிக்குள்தான் பூட்டிவைக்கிறது. சாம்சங் செயலியில் குறித்த செய்தியை, கூகுள் செயலிக்கு மாறியபின் அங்கே தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுவே. இடம் போதவில்லை என்று மெசேஜ் செயலியின் டேட்டாவை அழித்தவருக்கும், பழைய செய்திகள் பொதுக் கிடங்கிலிருந்து திரும்ப வந்துவிடும். நேரம் குறித்தவை வராது.

அலாரம் என்றால் வீட்டு அலாரம்போல் நிமிடம் தவறாமல் அடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 வரை பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு செயலியும் தனக்குத் தோன்றிய நேரத்திலெல்லாம் போனை எழுப்பினால் பேட்டரி தாங்காது. அதனால் அந்தப் பதிப்பிலிருந்து சாதாரண அலாரங்கள் ‘ஏறக்குறைய’ நேரத்தில் அடிக்கத் தொடங்கின. பக்கத்துப் பக்கத்து நேரத்து அலாரங்களை ஒன்றாகக் கட்டி, ஒரே தடவை எழுந்து எல்லாவற்றையும் முடிப்பது ஆண்ட்ராய்டின் வழக்கமாயிற்று. நிமிடம் தவறக்கூடாது என்றால் செயலி அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

2015இல் ஆண்ட்ராய்டு 6 இன்னொரு படி போனது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசைவில்லாமல் நெடுநேரம் கிடக்கும் போன் ‘டோஸ்’ என்ற ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். உறக்கத்தில் செயலிகளுக்கு இணையம் கிடையாது. சாதாரண அலாரங்கள் தள்ளிப்போடப்படும். நடுநடுவே போன் சற்றே கண்விழித்து, தேங்கிய வேலைகளை முடித்துவிட்டு மறுபடி உறங்கும். நேரம் ஆக ஆக அந்தக் கண்விழிப்புகளுக்கு இடையிலான இடைவெளி நீண்டுகொண்டே போகும். உறக்கத்திலும் அடிக்க அனுமதியுள்ள அலாரம் ஒன்று உண்டு. ஆனால் அதைக்கூட ஒரு செயலி அடிக்கடி பயன்படுத்த முடியாது. ஏறக்குறைய 9 நிமிடத்துக்கு ஒருமுறைதான்.

இரவு தலைமாட்டில் சார்ஜர் இல்லாமல் கிடக்கும் போன் இந்த உறக்கத்துக்குச் சரியான ஆள். காலை ஆறு மணிச் செய்தி ஆறு இருபதுக்குப் போவதும், போனைக் கையில் எடுத்த கணமே ‘அனுப்பப்பட்டது’ என்று மாறுவதும் இதன் அடையாளங்கள். அதே போனை இரவு சார்ஜரில் செருகிவைத்தால் உறக்கம் வராது, செய்தியும் நேரத்துக்குப் போகும். சார்ஜரில் இருக்கும் இரவுகளில் சரியாகவும் இல்லாத இரவுகளில் தாமதமாகவும் போகிறதென்றால், நோய் என்னவென்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி ஒன்றை வைத்தது. 2023இன் ஆண்ட்ராய்டு 14இல், புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி தானாகக் கிடைப்பதும் நின்றது. அமைப்புகளில் Special app access என்ற பகுதிக்குள் Alarms & reminders என்று இது இருக்கும். போனோடு வந்த மெசேஜ் செயலிக்கு இதனால் தொல்லை வருவது குறைவு. பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய நேரம் குறிக்கும் செயலிகள்தான் இங்கே மாட்டிக்கொள்கின்றன. பழைய போனில் ஒழுங்காக வேலை செய்த செயலி புதுப் போனில் பத்து நிமிடம் பிந்துகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இவையெல்லாம் ஆண்ட்ராய்டின் பொது விதிகள். இவற்றுக்குமேல் போன் தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்குச் சேர்த்திருக்கும் பேட்டரிக் கட்டுப்பாடுகள் இன்னும் கடுமையானவை. நம்மூர்க் கடைகளில் அதிகம் விற்கும் ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் Autostart அல்லது அதுபோன்ற பெயரில் ஓர் அமைப்பு உண்டு. அதில் அனுமதி இல்லாத செயலி, தானாக எழுந்து வேலை செய்ய முடியாது. எந்தத் தயாரிப்பாளர் என்ன செய்கிறார், எந்த அமைப்பை எங்கே மாற்ற வேண்டும் என்று ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் அலுத்துப்போய்த் தொகுத்த தளம் ஒன்றே இருக்கிறது. அதன் பெயர் dontkillmyapp.com. பெயரே அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடும். பொதுவாகச் செய்ய வேண்டியது, அமைப்புகளில் Apps பகுதிக்குப் போய், மெசேஜ் செயலியைத் தேர்ந்து, அதன் பேட்டரிப் பயன்பாட்டை Unrestricted என்று வைப்பது.

Force stop என்ற பொத்தான் இன்னொரு வகை. அதை அழுத்தினால் ஆண்ட்ராய்டு அந்தச் செயலியை நிறுத்துவதோடு, அது பதிவு செய்திருந்த அலாரங்களையும் கிழித்துப் போட்டுவிடும். மறுபடி ஒருவர் கையால் அந்தச் செயலியைத் திறக்கும்வரை அதற்கு எந்த அழைப்பும் போகாது. ‘போனை வேகமாக்குகிறேன்’ என்று சொல்லும் சுத்தம் செய்யும் செயலிகள் சில இதையே பயனருக்குத் தெரியாமல் செய்துவிடுகின்றன. சமீபத்திய செயலிகள் பட்டியலில் மேலே தள்ளி மூடுவது இதுவல்ல. கூகுளின் நேரடி ஆண்ட்ராய்டில் அதனால் அலாரம் போகாது. தயாரிப்பாளர் மாற்றியமைத்த சில போன்களில் மட்டும் அதுவும் ஏறக்குறைய இதே விளைவைத் தருகிறது.

எல்லாவற்றிலும் கண்டுபிடிக்கக் கடினமானது, இரவில் போன் தானே மறுதொடக்கம் ஆவது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். குழந்தைக்குக் காய்ச்சல். பள்ளி வேன் ஓட்டுநர் காலை 6:20க்குத் தன் வீட்டிலிருந்து கிளம்புபவர். இரவு 10:10க்கு அம்மா எழுதுகிறார்: ‘அண்ணா, பாப்பாவுக்குக் காய்ச்சல். இன்னைக்கு வேன் வரவேண்டாம்.’ இந்நேரத்தில் அவரை எழுப்ப வேண்டாமே என்று காலை 6:00க்குக் குறித்து, கடிகாரக் குறி வந்ததையும் பார்த்துவிட்டு, போனைச் சார்ஜரில் செருகித் தூங்கிவிடுகிறார். சார்ஜரில் இருப்பதால் ஆழ்ந்த உறக்கத்துக்கு இடமில்லை. எல்லாம் சரியாகவே இருக்கிறது.

நள்ளிரவுக்கு மேல் 2:40க்கு, மூன்று நாளாகக் காத்திருந்த சிஸ்டம் அப்டேட் தன்னை நிறுவிக்கொண்டு போனை மறுதொடக்கம் செய்கிறது. மறுதொடக்கத்தில் ஆண்ட்ராய்டின் அலாரப் பட்டியல் முழுவதும் அழிந்துபோகும். அது நினைவகத்தில் மட்டுமே இருப்பது. போன் எழுந்தபின், ‘தொடங்கிவிட்டது’ என்ற அறிவிப்பை ஆண்ட்ராய்டு எல்லாச் செயலிகளுக்கும் அனுப்ப, ஒவ்வொன்றும் தன் சேமிப்பைப் பார்த்து அலாரத்தை மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பு வழக்கமாகக் கிளம்புவது, பின் எண்ணையோ கோலத்தையோ போட்டு ஒருவர் போனைத் திறந்தபிறகுதான். அதுவரை பயனரின் தரவு மறையாக்கம் செய்யப்பட்டுப் பூட்டியே இருக்கும். போன் தொலைந்தால் எடுத்தவர் படிக்க முடியாதபடி செய்யும் அதே பாதுகாப்பு, செயலி தன் கடிதத்தைத் தானே படிக்க முடியாதபடியும் செய்துவிடுகிறது.

ஆறு மணி வருகிறது, போகிறது. போன் பூட்டுத் திரையில் நிற்கிறது. 6:20க்கு வேன் கிளம்புகிறது. 6:45க்கு அம்மா எழுந்து விரலை வைக்கிறார். போன் கைரேகையை ஏற்காமல் பின் எண்ணைக் கேட்கிறது. போட்டதும் செயலி விழிக்கிறது, காலாவதியான அலாரத்தைக் காண்கிறது, செய்தியை அனுப்புகிறது. ஓட்டுநரின் போனில் ‘வேன் வரவேண்டாம்’ என்று மணி அடிக்கும்போது வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிறது. சில செயலிகள் இப்படித் தாமதமாக அனுப்பும்; சில, நேரம் கடந்துவிட்டதென்று தோல்வியாகக் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். வேன் விஷயத்தில் இரண்டாவதே பரவாயில்லை என்று தோன்றலாம். பிறந்தநாள் வாழ்த்தில் முதலாவது.

இந்தக் கதை நடந்ததா என்பதற்குத் தடயம் அந்தப் பின் எண்தான். மறுதொடக்கத்துக்குப்பின் முதல் தடவை மட்டும் ஆண்ட்ராய்டு கைரேகையை ஏற்பதில்லை. அதைக் கவனிக்கத் தவறினால், பல போன்களில் அமைப்புகளின் About phone பகுதியில் Up time என்றொரு வரி இருக்கிறது. போன் கடைசியாக எப்போது எழுந்தது என்று அது மணிக்கணக்கில் காட்டும். காலை ஏழு மணிக்கு அதில் நாலே கால் மணி நேரம் என்று இருந்தால் இரவு நடந்தது தெளிவு. சிம்முக்கும் தனி பின் எண் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். அதைப் போடும்வரை சிம்மே நெட்வொர்க்கில் சேராது. அப்டேட் மட்டும் காரணமில்லை. சாம்சங்கில் தானாக மறுதொடக்கம் செய்யும் அமைப்பும், வேறு பல போன்களில் இரவில் அணைந்து காலையில் எழும்படி நேரம் வைக்கும் அமைப்பும் உண்டு. 2025 ஏப்ரலில் கூகுள் சேர்த்த ஒரு பாதுகாப்பு வசதியால், மூன்று நாள் தொடர்ந்து பூட்டியே கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் தானே மறுதொடக்கம் ஆகலாம். அலமாரியில் இருக்கும் இரண்டாவது போனில் வாழ்த்துகளைக் குறித்துவைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நேரம் என்பது யாருடைய நேரம் என்ற கேள்வியும் இருக்கிறது. செயலி பார்ப்பது அனுப்புபவரின் போன் கடிகாரத்தை மட்டுமே; பெறுபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அங்கே நள்ளிரவில் வாழ்த்துச் சேர வேண்டுமென்றால் மதுரையில் முதல்நாள் இரவு 9:30 என்று குறிக்க வேண்டும். துபாயில் இருப்பவருக்கு நம் கணக்கில் அதிகாலை 1:30. அனுப்புபவரே விமானம் ஏறிவிட்டால் கணக்கு மாறும். போன் உள்ளே நேரத்தை வைத்திருப்பது 1970 ஜனவரி 1 தொடங்கிய உலகப் பொது நேரத்தின் மில்லிவினாடிகளாக. எனவே சென்னையில் காலை 6:00 என்று குறித்த செய்தி, துபாய் போனபின் பெரும்பாலும் அங்கத்திய 4:30க்குப் போகும். தேதி, நேரம் இரண்டையும் நெட்வொர்க்கிலிருந்து தானாக எடுக்கும்படி வைக்காமல் கையால் திருத்திவைத்திருப்பவர்களுக்கு, ஊரிலேயே இருந்தாலும் இந்தத் தொல்லை வரலாம்.

செயலி நேரத்துக்கு விழித்தபிறகும் கோபுரம் கிடைக்க வேண்டும். ஏர்ப்ளேன் மோடில் போட்டுத் தூங்குவது, இரண்டு சிம்மில் எதன் வழியாகக் குறித்தோமோ அந்தச் சிம்மின் ரீசார்ஜ் முடிந்துபோவது, இவை சாதாரணக் காரணங்கள். நாளுக்கு 100 எஸ்எம்எஸ் என்ற வரம்பு பல ப்ரீபெய்டு திட்டங்களில் உண்டு. மலிவான சில திட்டங்களில் வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸே கிடையாது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 1900க்கு அனுப்பவேண்டிய ஒரு செய்திக்குக்கூட வழியில்லாமல் போனதால், எந்தத் திட்டமானாலும் அதை அனுமதிக்க வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரில் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இரவில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடும் பழக்கம் இங்கே புது வகையில் குறுக்கே வருகிறது. பழைய எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம், சிக்னல் போதும். ஆனால் கூகுள் மெசேஜஸில் இருவருக்கும் ஆர்சிஎஸ் இயங்கினால் செய்தி வாட்ஸப்போல இணையம் வழியாகத்தான் போகும். எழுதும் பெட்டியில் RCS message என்று மங்கலாகத் தெரிந்தால் அந்த வகை. டேட்டாவும் இல்லை, வைஃபையும் இல்லை என்றால் அது நின்றுவிடும். ஆர்சிஎஸ் போகாவிட்டால் தானாக எஸ்எம்எஸ்ஸாக அனுப்பு என்ற அமைப்பைச் செயலியில் முன்பே போட்டுவைப்பது நல்லது. டேட்டாவை இரவு மட்டும் விட்டுவைப்பது அதைவிட எளிது.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்று வந்தாலும் பொதுவாக அந்த இடம் 70ஆகச் சுருங்கிவிடும். அந்த 70ஐயும் போன் நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. ‘பா’ நமக்கு ஓரெழுத்து. போனுக்கு ‘ப’ ஒன்று, கால் ஒன்று. ‘க்’ என்பதில் புள்ளி தனி. வேன் ஓட்டுநருக்கு எழுதிய அந்த இரண்டு வாக்கியத்தில் நம் கணக்கில் 28 எழுத்துகள். போனின் கணக்கில் அது 51. இடைவெளி, நிறுத்தற்குறிகளோடு 59. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிட்டது. முடிவில் ‘நாளைக்குச் சொல்றேன்.’ என்று சேர்த்தால் 80 ஆகி இரண்டு எஸ்எம்எஸ்ஸாகப் பிரியும். பிரிந்தால் ஒன்றுக்கு 67 தான். மீதி, துண்டுகளை ஒட்டும் குறிப்புக்குப் போய்விடும். சிக்னல் மங்கலான இடத்தில் ஒரு துண்டு போய் மற்றது நின்றால் செய்தி தோல்வி என்றே காட்டும். வரம்பிலும் கட்டணத்திலும் அது இரண்டாகக் கணக்காகும். ஆங்கில வாழ்த்தில் ஒரே ஒரு கேக் படம் சேர்த்தாலும் இதே 70 கணக்குதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிளே ஸ்டோரில் கிடைக்கும் தனிச் செயலிகளைப் பற்றிக் கொஞ்சம். போனின் முதன்மை மெசேஜ் செயலியாக இல்லாதவற்றுக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுப்பதை 2018 அக்டோபரில் அறிவித்த விதியால் கூகுள் பெரிதும் சுருக்கிவிட்டது. வாட்ஸப்புக்கும் நேரம் குறித்து அனுப்புவோம் என்று சொல்லும் செயலிகள் பல, உடற்குறையுள்ளோருக்காக வைத்த அணுகல் வசதியைப் பயன்படுத்தி, ஆள் தட்டுவதுபோல் திரையில் அனுப்பும் பொத்தானைத் தட்டுகின்றன. திரை பூட்டியிருந்தால் தட்டப் பொத்தானே இல்லை. இரவு நேரத்துக்கு இவற்றை நம்புவதில் பயனில்லை.

ஒரு போனை நம்பலாமா என்று பார்க்கச் சிறு சோதனை உண்டு. தன் எண்ணுக்கோ வீட்டில் இன்னொருவர் எண்ணுக்கோ இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு செய்தியைக் குறித்து, சார்ஜரிலிருந்து எடுத்து, திரையை அணைத்து மேசைமேல் அசையாமல் விட்டுவிட வேண்டும். நடுவில் தொடக்கூடாது, தொட்டால் உறக்கம் கலைந்து சோதனை கெட்டுவிடும். பத்து நிமிடம் தள்ளிக் குறித்துப் பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை. அதற்குள் போன் ஆழ்ந்து உறங்கியிருக்காது.

செய்தி எங்கே தாமதித்தது என்று பின்னால் அறிய, பெறுபவரின் போனையும் பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ் நேரே போனுக்குப் போன் போவதில்லை. நடுவே நிறுவனத்தின் செய்தி மையத்தில் இறங்கி, பெறுபவரின் போன் கிடைக்கும்வரை காத்திருக்கும். மையத்தில் இறங்கும்போது அதன்மேல் தபால்முத்திரைபோல் ஒரு நேரம் பதிகிறது. கூகுள் மெசேஜஸில் வந்த செய்தியை அழுத்திப் பிடித்து விவரங்களைத் திறந்தால் Sent, Received என்று இரண்டு நேரம் தெரியும். ஓட்டுநரின் போனில் Sent 6:45 என்று இருந்தால் தாமதம் அனுப்பியவரின் போனில். Sent 6:00 என்றும் Received 6:45 என்றும் இருந்தால் செய்தி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. ஓட்டுநரின் போன்தான் அணைந்தோ சிக்னல் இல்லாமலோ கிடந்திருக்கிறது.